சின்னவள் பேரில் இருந்த கேஸ்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். கோபம் வராதபோதும் அதிகம் பேச மாட்டாள். அதனால் அவள் எப்போது கோபமாக இருக்கிறாள், எப்போது சும்மா இருக்கிறாள் என்று புகுந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை. ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே ஓரகத்தியின் சத்தம். இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் தலை குனிந்துகொண்டாள்.

ஓரகத்தி என்றால் கணவனுடைய அண்ணன் மனைவி, பெரியவள். மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்ட வீடு அது. காலியாகக் கிடந்த அந்தப் பதவியில், யாரும் கேட்காமலே, பெரியவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சமையலறை அவளுடையது. சின்னவள் காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், தண்ணீர் பிடித்து வைக்கலாம். அடுப்பின் திருகில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை பால் பொங்கி வழிவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பால் தப்பியது, சின்னவள் தப்பவில்லை. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். வேண்டாத ஓரகத்திக்கும் அதே சட்டம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேஸ் இணைப்பு சின்னவளின் பேரில் இருந்தது.

அதற்கும் பெரியவளின் கௌரவம்தான் காரணம். சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு. கேஸ் வாங்கலாம் என்று முடிவானபோது, மனு கொடுக்க ஏஜென்சிக்கு யார் போவது என்ற கேள்வி வந்தது. அடையாள அட்டை, முகவரிக்கு ஆதாரம், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும்.

"கண்டவனோட இடிச்சிக்கிட்டு வரிசையில நிக்கிறதுக்கு நான் என்ன நாதியத்தவளா?" என்றாள் பெரியவள். "புதுசா வந்தவ சும்மாதானே இருக்கா. அவ போகட்டும்."

சின்னவள் போனாள். வெயிலில் நின்றாள். முகவரி ஆதாரத்தில் இன்னும் பிறந்த வீட்டு முகவரியே இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை மாற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றாள். இந்த முகவரியில், இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் கேஸ் இணைப்பு இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டெபாசிட் கட்டினாள். கவுண்டரில் இருந்த கண்ணாடிக்காரர் முத்திரை குத்தி ஒரு வவுச்சரைக் கொடுத்தார்.

"இதப் பத்திரமா வெச்சுக்கம்மா. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனியோடது. உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கோம், அவ்வளவுதான். அடுப்பும் டியூபும் உங்க சொந்தம். வீடு மாறினா இந்தத் தாள் இல்லாம ஒரு வேலையும் நடக்காது."

சின்னவள் அதைக் கல்யாணப் பட்டுச் சேலையின் மடிப்புக்குள் வைத்தாள். சேலையை அதன் பிறகு கட்டச் சந்தர்ப்பமே வரவில்லை, ஆகவே தாளும் கசங்கவில்லை. பிறகு காலம் மாறி, சிலிண்டர் பதிவுக்குக் கைப்பேசி எண் கேட்டார்கள். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் எண். சிலிண்டர் வரும் நாளில் அந்த எண்ணுக்கு ஒரு குறியீட்டு எண் வரும். அதைச் சொன்னால்தான் டெலிவரிக்காரர் சிலிண்டரை இறக்குவார். காஜா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மேற்பார்வைக்காரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்வது சின்னவளின் வேலையாயிற்று. அந்த அடுப்போடு அவளுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் அவள் கணவனுக்கு வேறு ஊரில், பெரிய லேத் பட்டறை ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்தது. மாடியில் ஒரு சிறிய வாடகை வீடு பார்த்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. சமையலறையில் ஒரு ஜன்னல். சின்னவள் அந்தச் சமையலறை மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு இன்னொரு தடவை துடைத்தாள். தன் கையால், தன் அடுப்பில், தனக்குப் பிடித்த அளவு உப்புப் போட்டு ஒரு சமையல். அவள் கேட்டது அதுதான். உலகத்தில் பெண்கள் கேட்கிற காரியங்களில் இது பெரிய காரியமில்லை, ஆனால் அவளுக்கு இதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று பெரியவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, கேஸ மாத்தணும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில ஒப்படைச்சாத்தான் அங்க புதுசா குடுப்பாங்களாம். அடுப்பு உங்களுக்கே இருக்கட்டும்."

"எந்த சிலிண்டர?"

"நம்ம வீட்டுல இருக்கிறத."

"நம்ம வீட்டுல இருக்கிறதுன்னு உன் வாயாலயே சொல்லிட்ட இல்ல? அப்ப அது வீட்டுலதான் இருக்கும்."

"வேணும்னா இணைப்ப உங்க பேருக்கு மாத்திக்குங்க. நான் சம்மதம்னு எழுதிக் குடுத்துடறேன். ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நான் அங்க புதுசா எடுத்துக்கறேன்."

"என் வீட்டு சிலிண்டருக்கு நான் எதுக்குடி உன்கூட வந்து கையெழுத்துப் போடணும்? சோத்துக்குச் செத்து வந்தவ எனக்கு எழுதிக் குடுக்கிறாளாம்."

பெரியவளின் கணவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். வாசல் பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் இன்னும் அவர் கண்டக்டர்தான். சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. இரண்டு மருமகள்களையும் பாரபட்சம் இல்லாமல் வெறுத்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

புது ஊரில் சின்னவள் தன் பேரில் நேராகப் புது இணைப்புக்கு மனுப் போட்டுப் பார்த்தாள். மனு திரும்பி வந்தது. "உங்க பேர்ல ஏற்கனவே ஓர் இணைப்பு ஓடிட்டிருக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான்" என்றாள் கவுண்டர் பெண். கணவன் பேரில் கேட்டால்? "புருஷன் பெண்டாட்டி ஒரே குடும்பம்தானேம்மா. பழைய ஏஜென்சியில சிலிண்டர், ரெகுலேட்டர், வவுச்சர் மூணையும் குடுத்து, இணைப்ப முடிச்சதுக்கு வவுச்சர் வாங்கிட்டு வாங்க. அடுத்த நாளே போட்டுத் தர்றேன்."

வாங்கிக்கொண்டு வரச் சொல்வது சுலபம். அதுவரை எப்படிச் சாப்பிடுவது? ஒரு மின்சார அடுப்பு வாங்கினார்கள். அதைப் போட்டால் கீழ்வீட்டில் விளக்கு மங்கியது. மேலே குக்கர் ஒரு விசில் அடித்தால் கீழே ஃபியூஸ் போனது. வீட்டுக்கார அம்மாள் படியில் பாதி ஏறி நின்றுகொண்டு பேசுவாள். முழுதும் ஏறி வந்து பேசுகிற அளவுக்கு அவளுக்கு முழங்கால் இல்லை.

"குடும்பம் நடத்த வந்தியா, என் வீட்டக் கொளுத்த வந்தியா? மாசக் கடைசிக்குள்ள கேஸ் வரலன்னா வேற வீடு பாத்துக்க."

சின்னவள் அந்தப் படிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வீட்டில் அடுப்பு இருந்தும் தொட விடவில்லை. இந்த வீட்டில் தொடலாம், ஒழுங்காக எரிகிற அடுப்பு இல்லை. நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் பழைய ஏஜென்சிக்குப் போய்க் கண்ணாடிக்காரரிடம் வவுச்சரைக் காட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கழித்து மடிப்புக் கலையாத வவுச்சரைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

"தாள் சரி. சாமான் எங்க?"

"தர மாட்டேங்கிறாங்க."

"தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்தா அபராதம் போட்டு முடிச்சுடலாம்."

"தொலையல சார். எங்க அக்கா சமையல்கட்டுல இருக்கு."

"அப்ப தொலைஞ்சுதுன்னு எழுதினா பொய்யாயிடும். வேணாம். வீட்டுச் சண்டைய வீட்டுல முடிச்சுட்டு வாங்க" என்றவர், வவுச்சரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இணைப்பு உங்க பேர்ல, போன் நம்பர் உங்களோடது. சிலிண்டர் எத்தனை நாளைக்குத்தான் தீராம இருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு ஒன்றும் சொல்லாதவர் போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சின்னவள் புகுந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் காத்திருந்த நாள் வந்தது. பெரியவள் கேஸ் புத்தகத்தைக் கணவனிடம் கொடுத்தனுப்பி, கவுண்டரில் சிலிண்டருக்குப் பதிவு செய்திருக்கிறாள். புதுக் கம்பெனியில் காஜா இயந்திரத்தின் முன்னால் சின்னவள் உட்கார்ந்திருந்தபோது குறியீட்டு எண் வந்து விழுந்தது. சிறிது நேரத்தில் டெலிவரிக்காரர் கூப்பிட்டார்.

"அம்மா, நம்பர் சொல்லுங்க."

"நான் அந்த வீட்டுல இல்லண்ணே. இந்தப் பதிவ நான் போடல. சிலிண்டரத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

போனில் பெரியவளின் குரல் டெலிவரிக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தது. "ஏய், நம்பரச் சொல்லு. உலை வைக்கணும்."

"நான் குடியிருக்கிற வீட்டுலயும் உலை வைக்கணும்க்கா."

"நீ நாசமாப் போவ."

"போறதுக்கு முன்னாடி சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில குடுத்துடுங்க."

சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டு மறுபடி இயந்திரத்தை ஓட்டினாள். ஒன்பது வருடம் பேசாமல் இருந்துவிட்டு அன்றுதான் இரண்டு வாக்கியம் பேசியிருந்தாள்.

பெரியவள் சும்மா இருக்கிறவளா? தன் பேரில் புது இணைப்பு எடுக்கக் கணவனை அனுப்பினாள். அந்த முகவரியில் ஏற்கனவே ஓர் இணைப்பு இருக்கிறது, அது முடியாமல் இன்னொன்று கிடையாது என்று அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தியிடம் இரும்பு, ஒருத்தியிடம் எண். இரண்டும் சேராமல் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. பெரியவள் பழைய மண்ணெண்ணெய் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கினாள். வீடெல்லாம் புகை, உலை மட்டும் கொதிக்கவில்லை. கடைசியில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். கிழவரைப் பேச வைத்தாள்.

சாயங்காலம் போன் வந்தது. பக்கத்திலேயே நின்று பெரியவள் சொல்லிக்கொடுப்பது சின்னவளுக்கு நன்றாகக் கேட்டது. "சுடு தண்ணி கூட இல்லன்னு சொல்லுங்க. வயசானவன் பட்டினி கிடக்கறேன்னு சொல்லுங்க."

கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"சின்னவளா?"

"ஆமா மாமா."

"நான்தான். மூணு நாளா ரொட்டி திங்கறேன். பல்லுல ஒட்டுது."

"ம்."

"குடுக்காத."

"என்ன மாமா?"

"அந்த நம்பரக் குடுக்காத. இவ ஆட்டம் அடங்கட்டும். ரொட்டிதானே, தின்னுட்டுப் போறேன்."

போன் பிடுங்கப்பட்டது. ஏதோ ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. சின்னவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவருக்குத் தன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது என்று அவள் நம்பவில்லை. இரண்டு பேரில் யாரை அதிகமாக வெறுப்பது என்று அவர் அன்று முடிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த வீட்டில் அவள் பக்கம் நின்று ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. அதைச் சொன்னதற்கு அவர் என்ன விலை கொடுக்கப்போகிறார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பெரியவளின் கணவன், பெரியவன், போன் செய்தான். அவன் பேசியது ஒரே வாக்கியம். "நாளைக்குக் காலையில ஏஜென்சிக்கு வா, ஒப்படைச்சுடறோம்."

சின்னவள் போனபோது மூவரும் வந்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து காலி சிலிண்டரைப் பெரியவன் இறக்கினான். பெரியவள் ரெகுலேட்டரைக் கவுண்டர் மேல் எறிந்தாள். அது உருண்டு கண்ணாடிக்காரரின் டம்ளரில் போய் முட்டியது. கண்டக்டர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அவர் எதற்கு வந்தார் என்று சின்னவளுக்குப் புரியவில்லை.

கண்ணாடிக்காரர் ரெகுலேட்டரை எடுத்துத் திருகிப் பார்த்தார். ஆள் ஒருவர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சின்னவள் வவுச்சரையும், பெரியவன் கொண்டுவந்திருந்த கேஸ் புத்தகத்தையும் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். கட்டியிருந்த டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பை முடித்ததற்கான வவுச்சரும் கொடுத்தார் கண்ணாடிக்காரர். "அங்க போய் இதக் குடுங்க. அங்க இப்ப இருக்கிற டெபாசிட்டக் கட்டிப் புது சிலிண்டர் எடுத்துக்கலாம்."

"என் பேர்ல புது இணைப்பையும் இன்னிக்கே முடிச்சு விடுங்க" என்றாள் பெரியவள்.

"வரிசையில வாங்கம்மா."

பெரியவள் வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் தோளில் துண்டு போட்ட ஒரு சுமை கூலிக்காரர், பின்னால் இருமிக்கொண்டே இருந்த ஒரு அம்மாள். இரண்டு பக்கமும் இடித்தார்கள். சின்னவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைப் பார்ப்பதற்காகவே பஸ்ஸுக்கு நேரமாவதையும் மறந்து சுவரோரமாக நின்றாள்.

பெரியவளின் முறை வந்தது. கண்ணாடிக்காரர் மனுவில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பேர், முகவரி, கணவன் பேர்.

"வீட்டுல வேற யார் யார் இருக்காங்க? எல்லார் பேரும் எழுதணும்."

"நானும் என் வீட்டுக்காரரும்."

"வேற?"

"வேற யாரும் இல்ல."

கண்ணாடிக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு, கவுண்டர் பக்கத்தில் துணிப்பையோடு நின்றிருந்த கண்டக்டரைப் பார்த்தார். "இவரு?"

"அவரு இவ வீட்டு ஆளு" என்று பெரியவள் சின்னவளைக் காட்டினாள். "இவளுக்குத்தான் வக்காலத்து வாங்கினாரு. இவளே சோறு போடட்டும். சிலிண்டரக் குடுத்தாச்சு, இதையும் சேத்துக் குடுத்தாச்சு. கணக்கு தீந்துது."

பெரியவன் தரையைப் பார்த்தான். பெற்ற அப்பாவை மனைவி "இது" என்று சொன்னபோது தரையில் அப்படி என்னதான் தெரிந்ததோ. வரிசையில் நின்ற எல்லோரும் கிழவரையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பயணிகளை இறக்கிவிட்டவர், தன்னை இறக்கிவிட்டது எந்த நிறுத்தம் என்று தெரியாதவர்போல நின்றார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

சின்னவளுக்குப் பாவமாக இல்லை. கோபம்தான் வந்தது. பெரியவள்மேல், தரையைப் பார்த்தவன்மேல், கிழவர்மேலும்தான். ஒரே ஒரு சமையலறை கேட்டாள். அதற்குள் இன்னும் யாரையும் அவள் கற்பனைகூடச் செய்து பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலில் இவர் உட்கார்ந்து பீடிச் சாம்பல் தட்டுவதும், தட்டைத் தள்ளிவைத்து முகம் சுளிப்பதும் அந்த நிமிடமே அவள் கண்முன்னால் வந்தன. விட்டுவிட்டுப் போய்விடலாம். கேட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மூத்த மகன் இங்கேதானே நிற்கிறான்.

வாசல்வரை நடந்தாள். திரும்பினாள்.

"மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் நகரவில்லை. அவள் திரும்பி வந்து அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பை போகிற பக்கம் அவரும் நடந்தார்.

அடுத்த நாள், புது ஊர்க் கவுண்டர் பெண் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முடித்த வவுச்சரை வாங்கிப் பார்த்தாள், டெபாசிட்டை வாங்கிக்கொண்டாள். மெக்கானிக் சாயங்காலம் வந்து மாட்டிவிட்டு, கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போவார் என்றாள். கண்டக்டர் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தால் வீட்டுக்கார அம்மாளுடன் சண்டை போடுவார் என்று சின்னவள் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"குடும்பத்துல எத்தனை பேரு?" என்றாள் கவுண்டர் பெண்.

சின்னவள் கவுண்டரில் கிடந்த பேனாவை நேராக வைத்தாள்.

"நான், என் வீட்டுக்காரர்" என்றாள். பிறகு, "மாமனார்."

"அவரு இங்கதான் இருக்கப்போறாரா? இல்ல, வந்துட்டுப் போறவரா?"

"இங்கதான்."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயே எழுதறியே" என்றார் கண்டக்டர்.

"அங்கயும் உங்ககிட்டக் கேக்காமதான் எழுதாம விட்டாங்க" என்றாள் சின்னவள், திரும்பாமலே. "உக்காருங்க. அவங்களுக்கு உங்க முழுப் பேரு வேணுமாம். சொல்லுங்க, எனக்குத் தெரியாது."